சேமிப்புக் கணக்கு வட்டி: அந்த 84 ரூபாய் எப்படி வந்தது?

என் கணக்கில் 17,000 ரூபாய் இருக்கிறது. வட்டி 2.5 சதவீதம் என்று கணக்கு தொடங்கும்போது சொன்னார்கள். அப்படியென்றால் 425 ரூபாய் வர வேண்டாமா? 84 ரூபாய்தான் வந்திருக்கிறது.

84 சரியாகத்தான் இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் இரண்டு இடங்களில் ஆசை முந்திக்கொண்டது. முதலாவது, 2.5 சதவீதம் என்பது ஒரு முழு ஆண்டுக்கு. உங்களுக்கு வந்திருப்பது ஒரு காலாண்டின், அதாவது மூன்று மாதத்தின் வட்டி. மூன்று மாதத்துக்கு அதில் ஏறக்குறைய கால் பங்குதான், அதாவது 17,000 ரூபாய்க்குச் சுமார் 106 ரூபாய்.

அந்த 106-ம் வரவில்லையே என்றால், அங்கேதான் இரண்டாவது விஷயம் இருக்கிறது. இன்று பாஸ்புக்கில் தெரியும் 17,000 மூன்று மாதமும் அப்படியே இருந்ததா? முதல் மாதம் 5,000 இருந்திருக்கும், சம்பளம் வந்ததும் ஏறியிருக்கும், வாடகை கொடுத்ததும் இறங்கியிருக்கும். வங்கி கடைசி நாள் இருப்பை எடுத்து எல்லா நாளுக்கும் வட்டி போடுவதில்லை. ஒவ்வொரு நாளும் கணக்கில் எவ்வளவு இருந்ததோ, அந்த நாளுக்கு அந்தத் தொகைக்கு மட்டும்தான் வட்டி. எவ்வளவு பணம் வந்தது என்பதைவிட, வந்த பணம் எத்தனை நாள் தங்கியது என்பதுதான் இங்கே பேசும்.

ஒரு நாளில் நாலு தடவை ஜிபே பண்ணுகிறேன். எந்த நேரத்து இருப்பை எடுத்துக்கொள்வார்கள்?

நாள் முடிவில் நிற்கும் இருப்பு. காலையில் 40,000 வந்து மாலைக்குள் முழுவதும் போய்விட்டால், அந்த 40,000-க்கு ஒரு நாள் வட்டி கூடக் கிடையாது. தலைகீழாகவும் நடக்கும். காலை முழுக்கக் கணக்கு காலியாக இருந்து இரவு எட்டு மணிக்கு 40,000 வந்தால், அந்த நாள் முழுவதும் 40,000 இருந்ததாகவே கணக்கு.

வங்கியின் கணினி ஒவ்வொரு இரவும் அன்றைய வரவு செலவை மூடி, எல்லாக் கணக்கின் இறுதி இருப்பையும் குறித்துக்கொள்ளும். அதனால் நள்ளிரவை ஒட்டிச் செய்யும் பரிமாற்றம் சில நேரம் மறுநாள் தேதியில் பதிவாகலாம். ஸ்டேட்மென்ட்டில் எந்தத் தேதி போட்டிருக்கிறதோ அதுதான் வட்டிக்கும் பொருந்தும்.

ஞாயிறு, பண்டிகை விடுமுறை எல்லாம் சேர்த்தியா என்று சிலர் கேட்பார்கள். சேர்த்திதான். கிளை பூட்டியிருந்தாலும் பணம் கணக்கில் இருக்கிறதல்லவா. வெள்ளிக்கிழமை இறுதி இருப்பு அப்படியே இருந்தால் சனிக்கும் ஞாயிறுக்கும் அதே தொகைக்கு வட்டி ஓடும்.

சரி, அந்த 84-ஐ ஒரு தடவை முழுசாகப் போட்டுக் காட்டுங்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2025 ஜூலை 1 அன்று 5,000 ரூபாய் போட்டுக் கணக்கு தொடங்குகிறார். சம்பளம் 18,000. ஜூலை 7, ஆகஸ்ட் 7 என்று வருகிறது. செப்டம்பர் 7 ஞாயிற்றுக்கிழமை என்பதால் கம்பெனி 8-ம் தேதி போடுகிறது. ஒவ்வொரு மாதமும் 10-ம் தேதி வாடகை, வீட்டுக்கு அனுப்புவது என்று 14,000 வெளியே போகிறது. வேறு வரவு செலவு இல்லை என்று வைத்துக்கொள்வோம். வட்டி 2.5 சதவீதம்.

மூன்று மாதமும் சேர்ந்து 92 நாள். ஆனால் இருப்பு மாறுவது ஆறு தடவைதான். அதனால் 92 வரி எழுத வேண்டியதில்லை, இருப்பு மாறாமல் நின்ற நாட்களை ஒன்றாகச் சேர்த்தால் போதும்.

| காலம் | நாள் | இருப்பு | நாள் × இருப்பு |
|---|---|---|---|
| ஜூலை 1 முதல் 6 | 6 | 5,000 | 30,000 |
| ஜூலை 7 முதல் 9 | 3 | 23,000 | 69,000 |
| ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 6 | 28 | 9,000 | 2,52,000 |
| ஆகஸ்ட் 7 முதல் 9 | 3 | 27,000 | 81,000 |
| ஆகஸ்ட் 10 முதல் செப்டம்பர் 7 | 29 | 13,000 | 3,77,000 |
| செப்டம்பர் 8, 9 | 2 | 31,000 | 62,000 |
| செப்டம்பர் 10 முதல் 30 | 21 | 17,000 | 3,57,000 |

கடைசிப் பத்தியின் கூட்டுத்தொகை 12,28,000. அதை 2.5-ஆல் பெருக்கி 36,500-ஆல் வகுத்தால் 84.11 வருகிறது. 36,500 எங்கிருந்து வந்தது என்றால், சதவீதத்துக்கு ஒரு 100, ஆண்டுக்கு 365 நாள், இரண்டையும் பெருக்கியது. வட்டியை முழு ரூபாய்க்கு மாற்றிப் போடுவது வழக்கம். 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த ரூபாய், குறைந்தால் விட்டுவிடுவார்கள். எனவே 84.

அட்டவணையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கணக்கில் 31,000 ரூபாய் வரை ஏறிய நாட்களும் இருக்கின்றன. ஆனால் அது இரண்டே நாள் நின்றதால் மொத்தத்தில் அதன் பங்கு 62,000-தான். வெறும் 9,000 இருந்த ஜூலை, ஆகஸ்ட் நாட்கள் 28 என்பதால் அதைப்போல நான்கு மடங்கு கொடுத்திருக்கின்றன. 12,28,000-ஐ 92-ஆல் வகுத்தால் சுமார் 13,348 வரும். இந்தக் காலாண்டு முழுவதும் சராசரியாக அவர் கணக்கில் இருந்தது அவ்வளவுதான், 17,000 இல்லை.

ஒரு நாள் முன்னால் எடுத்தால் என்ன நஷ்டம்? மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டுமா?

ஒரு லட்சம் ரூபாய்க்கு 2.5 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி 6 ரூபாய் 85 பைசா. ஒரு நாள் முன்னால் எடுத்தால் போவது அந்த 6.85 மட்டுமே. மற்ற நாட்களுக்கு ஏற்கெனவே சேர்ந்த வட்டிக்கு ஒன்றும் ஆகாது. அதனால் இந்தத் தேதிக்கு முன் எடுக்கக்கூடாது, அந்தத் தேதிக்கு அப்புறம் போடக்கூடாது என்ற பயம் வங்கிச் சேமிப்புக் கணக்கில் தேவையில்லை.

என் அப்பா "பத்தாம் தேதிக்குள் போடு, இல்லாவிட்டால் அந்த மாச வட்டி போச்சு" என்கிறார். அவர் சொல்வது தப்பா?

அவர் காலத்துக்கு அது சரி. தபால் நிலையக் கணக்கு என்றால் இன்றைக்கும் சரி.

2010 மார்ச் வரை வங்கிகள் வேறு மாதிரி கணக்கிட்டன. ஒவ்வொரு மாதமும் 10-ம் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்பு எதுவோ, அதற்குத்தான் அந்த மாத வட்டி. பேரேட்டைக் கையால் எழுதிய காலத்தில் லட்சக்கணக்கான கணக்குகளுக்குத் தினமும் இருப்பைப் பெருக்கிக் கூட்ட முடியாது. மாதத்துக்கு ஒரு எண் என்றால் எழுத்தருக்கு வேலை சுருக்கம். கிளைகள் கணினியில் இணைந்த பிறகு அந்தக் காரணம் போய்விட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்பின் மேல்தான் வட்டி கணக்கிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மாற்றியது.

பழைய முறை எவ்வளவு கறாராக இருந்தது என்பதற்கு ஒரு கணக்கு. காலியான கணக்கில் ஜூலை 11-ம் தேதி 50,000 ரூபாய் போட்டு ஆகஸ்ட் 30-ம் தேதி எடுத்துவிடுகிறீர்கள். ஐம்பது நாள் பணம் உள்ளே இருந்தது. ஆனால் ஜூலை 10 அன்று கணக்கில் ஒன்றுமில்லை, அதனால் ஜூலைக்கு வட்டி இல்லை. ஆகஸ்ட் 30 அன்று எடுத்துவிட்டதால் ஆகஸ்டின் குறைந்த இருப்பும் பூஜ்யம். ஆக, ஐம்பது நாளுக்கும் சேர்த்து வட்டி பூஜ்யம். இன்றைய முறையில் 2.5 சதவீதத்தில் அதே ஐம்பது நாளுக்கு 171 ரூபாய் வரும்.

தபால் நிலையச் சேமிப்புக் கணக்கு இன்னும் அந்தப் பழைய வழியில்தான் போகிறது. அங்கே வட்டி 4 சதவீதம், வங்கிகள் பலவற்றைவிட அதிகம். ஆனால் 10-ம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையே இருந்த குறைந்த இருப்புக்குத்தான் கணக்கு, வரவு வைப்பதும் நிதியாண்டு முடிவில் ஒரே தடவை. மாதம் முழுக்கப் பணம் வந்து போகும் கணக்குக்கு அது ஒத்துவராது. போட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய தொகைக்கு நன்றாகவே ஒத்துவரும். அப்பாவின் பேச்சை அந்தக் கணக்குக்கு மட்டும் கேளுங்கள்.

தினமும் கணக்கிடுகிறார்கள் என்றால் தினமும் கொடுத்துவிட்டால் என்ன? ஏன் மூன்று மாதம் காத்திருக்க வைக்கிறார்கள்?

கணக்கிடுவது ஒரு வேலை, கணக்கில் வரவு வைப்பது இன்னொரு வேலை. தினமும் சேரும் வட்டியை வங்கி தன் புத்தகத்தில் "கொடுக்க வேண்டிய வட்டி" என்று குறித்துக்கொண்டே வரும். காலாண்டு முடியும்போது அந்தக் கூட்டுத்தொகை ஒரே வரியாக உங்கள் கணக்கில் ஏறும். அதுவரை அந்தப் பணம் உங்கள் இருப்பில் தெரியாது, அதற்கு வட்டியும் ஓடாது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அல்லது அதைவிடக் குறைந்த இடைவெளியில் வரவு வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பெரிய வங்கிகள் பெரும்பாலும் காலாண்டுக்கு ஒரு முறை. மாதா மாதம் வரவு வைக்கும் வங்கிகளும் இருக்கின்றன.

வரவு வைத்த நாளிலிருந்து அந்த வட்டி உங்கள் இருப்பின் பாகமாகிவிடும், அதற்கும் வட்டி ஓடும். ஒரு லட்சத்தை ஓராண்டு தொடாமல் வைத்தால் 2,500 வர வேண்டிய இடத்தில் சுமார் 2,523 வருவது இதனால்தான். கூடுதலாகக் கிடைப்பது 23 ரூபாய். "கூட்டு வட்டியின் அற்புதம்" என்று விளம்பரங்களில் வருவதெல்லாம் சேமிப்புக் கணக்கில் இந்த அளவுக்குத்தான்.

சரியாக எந்தத் தேதியில் வரும்? ஸ்டேட்மென்ட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பொதுவாக ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் கடைசியில். ஆனால் எல்லா வங்கியும் 30 அல்லது 31-ம் தேதியைப் பிடிப்பதில்லை. சில வங்கிகள் அதற்குச் சில நாள் முன்னாலேயே போட்டுவிடும், சில வங்கிகள் மறுநாள் போடும். முன்னாலேயே போட்டால் மீதி நாட்களின் வட்டி போய்விட்டதோ என்று கவலைப்பட வேண்டாம், அது அடுத்த காலாண்டின் கணக்கில் சேரும்.

ஸ்டேட்மென்ட்டில் `CREDIT INTEREST`, `Int.Pd`, `INTEREST` என்பது போல ஏதாவது ஒன்று இருக்கும். சில வங்கிகள் பக்கத்திலேயே `01-07-2025 to 30-09-2025` என்று காலத்தையும் அச்சிடும். அப்படி இருந்தால் சரிபார்ப்பது மிகவும் சுலபம், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை கூட்ட வேண்டும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

நடுவில் வட்டியைக் குறைத்துவிட்டார்கள். மொத்தக் காலாண்டுக்கும் குறைந்த வட்டிதானா?

இல்லை. எந்த நாளில் எந்த வட்டி விகிதமோ, அந்த நாளுக்கு அதுதான். உதாரணத்துக்கு, பாரத ஸ்டேட் வங்கி 2025 ஜூன் 15 முதல் 2.70 சதவீதத்தை 2.50 ஆக்கியது. ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை ஒரு லட்சம் ரூபாய் அப்படியே இருந்ததாக வைத்துக்கொண்டால், ஜூன் 14 வரை 75 நாளுக்கு 2.70-இல் 554.79, மீதி 16 நாளுக்கு 2.50-இல் 109.59. மொத்தம் 664 ரூபாய் சொச்சம்.

ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்ட அன்றைய வட்டி முதிர்வு வரை மாறாது. சேமிப்புக் கணக்கில் அந்த உறுதி கிடையாது. 2011 அக்டோபர் 25 வரை எல்லா வங்கிக்கும் ஒரே வட்டியை ரிசர்வ் வங்கியே நிர்ணயித்தது, கடைசியாக அது 4 சதவீதமாக இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வங்கியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஏற்றவும் இறக்கவும் உங்கள் சம்மதம் தேவையில்லை.

ஒரு வங்கி "7 சதவீதம் வரை" என்று விளம்பரம் செய்கிறது. அங்கே மாறிவிடலாமா?

அந்த "வரை"யைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு லட்சம் ரூபாய் வரையிலான இருப்புக்கு ஒரு வங்கி ஒரே வட்டிதான் தர வேண்டும், 5,000 வைத்திருப்பவருக்கும் 90,000 வைத்திருப்பவருக்கும் அதில் வித்தியாசம் காட்ட முடியாது. ஒரு லட்சத்தைத் தாண்டிய இருப்புக்குத்தான் படிப்படியாக வேறு வேறு விகிதம் வைக்கலாம். விளம்பரத்தில் வரும் பெரிய எண் பல நேரம் பல லட்சத்துக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கான படி.

ஒரு வங்கியில் ஒரு லட்சம் வரை 3 சதவீதம், அதற்கு மேல் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நாள் இறுதியில் 1,50,000 இருந்தால் முதல் ஒரு லட்சத்துக்கு 3, தாண்டிய 50,000-க்கு மட்டும் 5 என்று பிரித்துப் போடுவதுதான் வழக்கம். மொத்தத்துக்கும் 5 கிடைக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் நிறையப் பேர். வட்டி அட்டவணையின் அடிக்குறிப்பில் இது எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். 10,000, 20,000 என்று இருப்பு வைத்திருக்கும் ஆளுக்கு, ஒரு சதவீத வித்தியாசம் ஆண்டுக்கு நூறு இருநூறு ரூபாய். அதற்காக வீட்டுப் பக்கத்துக் கிளையை விட்டுப் போவதில் எனக்கு அவ்வளவு சம்மதமில்லை.

செக் போட்டிருக்கிறேன். போட்ட நாளிலிருந்து வட்டி உண்டா?

செக்கைக் கொடுத்த நாள் கணக்கில் வராது. அந்த வங்கியிடமிருந்து பணம் வந்து உங்கள் கணக்கில் வரவான நாளிலிருந்துதான்.

ஐபிஓ-வுக்கு விண்ணப்பித்ததில் 15,000 ரூபாயைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு வட்டி ஓடுமா?

ஓடும். பங்கு ஒதுக்கீடு ஆகும் வரை பணம் உங்கள் கணக்கை விட்டுப் போகவில்லை, எடுக்க முடியாதபடி பூட்டு மட்டும் போட்டிருக்கிறார்கள். செயலியில் "எடுக்கக்கூடிய இருப்பு" 15,000 குறைவாகத் தெரியும். வட்டி கணக்கிடுவது மொத்த இருப்பின் மேல். கையால் சரிபார்க்கும்போது பலர் தடுமாறுவது இங்கேதான், செயலியில் தெரிந்த குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டுவிடுவார்கள்.

நானே எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். வங்கி போட்டதற்கும் எனக்கும் நான்கைந்து ரூபாய் இடிக்கிறது. யார் மேல் தப்பு?

வங்கியின் கணினி கூட்டலில் தவறுவது அபூர்வம். உங்கள் தாளில்தான் முதலில் தேடுங்கள். வழக்கமாக வரும் தவறு நாட்களை எண்ணுவதில்தான். ஜூலை 7 அன்று இருப்பு 23,000 ஆனது, 10 அன்று 9,000 ஆனது என்றால் 23,000 நின்றது 7, 8, 9 என்று மூன்று நாள். நான்கு என்று போட்டால் 10-ம் தேதி இரண்டு வரிகளிலும் வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, நாட்கள் பத்தியைக் கூட்டிப் பார்ப்பது. ஜூலை முதல் செப்டம்பர் வரை என்றால் 92 வர வேண்டும். 93, 95 என்று வந்தால் எங்கோ இரட்டையாக எண்ணியிருக்கிறீர்கள்.

அடுத்தது, ஒரே தேதியில் ஐந்து வரி இருந்தால் கடைசி வரியின் இருப்பை மட்டும் எடுக்க வேண்டும். சில ஸ்டேட்மென்ட்டில் புதியது மேலே, பழையது கீழே என்று தலைகீழாக வரும். அப்போது "கடைசி வரி" என்பது அந்தத் தேதியின் மேல் வரி.

மூன்றாவது, காலம். முந்தைய வட்டி ஜூன் 25-ம் தேதி வரைக்கும் கணக்கிட்டு வரவு வைக்கப்பட்டிருந்தால், இப்போதைய கணக்கு ஜூன் 26-இல் தொடங்கும், ஜூலை 1-இல் இல்லை.

தாளில் B பத்தியில் இருப்பு, C பத்தியில் நாட்கள் என்று ஏழு வரி எழுதியிருந்தால் இந்தச் சூத்திரம் போதும்:

```
=ROUND(SUMPRODUCT(B2:B8,C2:C8)*2.5/36500,0)
```

மேலே உள்ள அட்டவணைக்கு இது 84 காட்டும். எல்லாம் சரிபார்த்த பிறகும் ஒரு ரூபாய் இடித்தால் விட்டுவிடுங்கள். இருபது ரூபாய் இடித்தால் இந்தத் தாளை அச்செடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். "வட்டி குறைகிறது" என்று வாயால் சொல்வதைவிட, எந்தத் தேதி, எந்த இருப்பு என்று தாளைக் காட்டினால் எதிரில் இருப்பவருக்கும் பதில் சொல்ல வசதி. எழுத்துமூலம் கொடுத்த புகாருக்கு 30 நாளுக்குள் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` வழியாக இலவசமாகப் புகார் செய்யலாம்.

வட்டி 84 வந்தது, அதே மாதம் ஏதோ கட்டணம் என்று அதைவிட அதிகமாக எடுத்துவிட்டார்கள். இது என்ன நியாயம்?

பெரும்பாலும் அது குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கான கட்டணம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. பல வங்கிகளில் அதையும் இதே தினசரி இருப்பை வைத்துத்தான் பார்க்கிறார்கள். மாதத்தின் எல்லா நாள் இறுதி இருப்பையும் கூட்டி நாட்களால் வகுத்து, வரும் சராசரி அவர்கள் கேட்கும் தொகைக்குக் கீழே இருந்தால் கட்டணம். ஒரு நாள் காலியாக இருந்ததால் மட்டும் விழாது. மாதம் முழுக்கக் குறைவாக ஓடினால் விழும்.

84 ரூபாய் வட்டி சம்பாதிக்கும் கணக்கில் இந்தக் கட்டணம் ஒரு தடவை விழுந்தாலே காலாண்டு வட்டி முழுவதும் போய்விடும். முதல் கணக்கு தொடங்குகிறவர்கள் வட்டி விகிதத்தைவிட இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். ஜன்தன் போன்ற அடிப்படைச் சேமிப்புக் கணக்குகளில் குறைந்தபட்ச இருப்பு என்பதே கிடையாது, பாரத ஸ்டேட் வங்கியும் 2020 மார்ச்சில் சேமிப்புக் கணக்குகளுக்கு இந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டது. அவற்றிலும் வட்டி கணக்கிடும் முறை இதேதான்.

இந்த வட்டிக்கு வரி பிடிப்பார்களா?

சேமிப்புக் கணக்கு வட்டியில் வங்கி டிடிஎஸ் பிடிப்பதில்லை. அதற்காக அது வரியில்லாத வருமானம் என்று அர்த்தமில்லை, கணக்கு தாக்கல் செய்யும்போது நான்கு காலாண்டு வட்டியையும் கூட்டிக் காட்ட வேண்டும். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை கழிவு உண்டு, மூத்த குடிமக்களுக்கு ஃபிக்ஸட் டெபாசிட் வட்டியும் சேர்த்து 50,000 வரை. புதிய முறையில் இந்தக் கழிவு இல்லை. 2.5 சதவீதத்தில் 10,000 ரூபாய் வட்டி வர ஆண்டு முழுக்கச் சராசரியாக நான்கு லட்சம் இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியூர் போய்விட்டேன், இரண்டு வருஷமாகக் கணக்கைத் தொடவே இல்லை. வட்டி நின்றுவிடுமா?

நிற்காது. இரண்டு ஆண்டுக்கு மேல் நீங்களாக எந்தப் பரிமாற்றமும் செய்யாவிட்டால் கணக்கு செயலற்றது என்ற பிரிவுக்குப் போகும். ஆனால் வட்டியைத் தொடர்ந்து வரவு வைத்தே ஆக வேண்டும். வங்கி போடும் அந்த வட்டியை நீங்கள் செய்த பரிமாற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் அது கணக்கை உயிர்ப்பித்துவிடாது. செயலற்ற கணக்கில் குறைந்தபட்ச இருப்புக்கு அபராதம் பிடிக்கவும் கூடாது. ஆதார், பான் எடுத்துக்கொண்டு போய் கேஒய்சி புதுப்பித்தால் திறந்துவிடுவார்கள்.

செப்டம்பர் நடுவில் கணக்கை மூடப் போகிறேன். காலாண்டு முடியவில்லையே, வட்டி போய்விடுமா?

போகாது. மூடும் நாளுக்கு முந்தைய நாள் வரை சேர்ந்த வட்டியைக் கணக்கிட்டு, அசலோடு சேர்த்துக் கொடுப்பார்கள். மேலே சொன்ன திருப்பூர்க்காரர் செப்டம்பர் 15 அன்று மூடுகிறார் என்றால் அட்டவணையின் கடைசி வரியில் 21 நாளுக்குப் பதில் 10 முதல் 14 வரை 5 நாள் வரும், அவ்வளவுதான். 17,000-ஐ 5-ஆல் பெருக்கி 85,000. மொத்தம் 9,56,000, வட்டி 65.48, கையில் வருவது 65. மூடுவதற்கு முன் கடைசி ஸ்டேட்மென்ட்டை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மூடிய பிறகு செயலியில் நுழைய முடியாமல் போகலாம்.